அக்கா, லேப்டாப்பைத் தர முடியாது

கேள்வி: பாசிர் கூடாங்கில் ஒரு பார்வர்டிங் கம்பெனியில் கிளார்க்காக இருக்கிறேன். பகுதிநேரமாகப் படிப்பதால் சொந்த லேப்டாப் எப்போதும் பையில் இருக்கும். பக்கத்து மேசை அக்காவின் கம்பெனிக் கம்ப்யூட்டர் கெட்டுப்போய் ஆறு வாரம் ஆகிறது. "அரை மணி நேரம் குடும்மா" என்று மத்தியான ஓய்வில் என் லேப்டாப்பை வாங்க ஆரம்பித்தார். இப்போது வாரக் கடைசியில் வீட்டுக்கே எடுத்துப்போய் திங்கட்கிழமை கொண்டுவந்து தருகிறார். ஒருநாள் அவருடைய போனில் கிரெடிட் தீர்ந்துபோனது என்று என் ஹேண்ட்போனில் இருந்து டிரைவர்களுக்கு வாட்ஸ்அப் அனுப்பினார். அன்றிலிருந்து ராத்திரி பதினோரு மணிக்கு யாரோ ஒரு லாரி டிரைவர் என்னைக் கூப்பிட்டு "கண்டெய்னர் எங்கே?" என்று கேட்கிறார்.

அக்கா நல்லவர். நான் புதிதாகச் சேர்ந்தபோது கே1 பாரம் நிரப்பச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். முகத்தைப் பார்த்து எப்படி மறுப்பது? சார்ஜர் கொண்டுவரவில்லை என்று ஒருநாள் பொய் சொன்னேன். மறுநாள் எங்கேயோ தேடி ஒரு சார்ஜரோடு வந்து நின்றார். என்ன செய்யட்டும்?
- வாசகி, மாசாய்

பதில்: அந்தச் சார்ஜரில்தான் உங்கள் கேள்விக்கான விடையும் இருக்கிறது. தீர்த்துவிடக்கூடிய காரணத்தைச் சொன்னீர்கள், அவர் தீர்த்துவிட்டார். பேட்டரி இல்லை என்றால் பேட்டரி வரும், இன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறது என்றால் நாளைக்கு வாங்கிக்கொள்வார். அவர் மேல் தவறில்லை, நீங்கள் திறந்துவைத்த வழியில் வந்தார். அதனால் யாராலும் தீர்க்க முடியாத காரணத்தைச் சொல்லுங்கள். அது உண்மையான காரணமும்கூட: அந்த லேப்டாப்பும் போனும் உங்கள் பெயரில் இருக்கின்றன. அவற்றில் யார் என்ன செய்தாலும் முதலில் விசாரிக்கப்படுவது நீங்கள்தான்.

இதை மிரட்டலுக்காகச் சொல்லவில்லை. மலேசியாவில் இது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். அது 2012 ஜூலை 31-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் தேதி அதை எதிர்த்துப் பல இணையத்தளங்கள் ஒருநாள் தங்கள் பக்கங்களைக் கறுப்பாக்கியது சிலருக்கு நினைவிருக்கலாம். பிரிவு சொல்வது இதுதான்: ஒரு பதிவோ செய்தியோ எந்தக் கம்ப்யூட்டரில் இருந்து வெளியானதோ, அந்தக் கம்ப்யூட்டர் யாருடைய பொறுப்பில் இருந்ததோ, அவரே அதை வெளியிட்டதாக நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். "நான் இல்லை" என்று காட்டும் பாரம் அவர் தலையில் விழுகிறது. இன்னொரு உட்பிரிவு இணைய இணைப்பு யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கும் இதையே சொல்கிறது. லேப்டாப்பைக் கொடுக்காமல் ஹாட்ஸ்பாட்டை மட்டும் திறந்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதனால் நீங்கள் குற்றவாளி ஆகிவிடப்போவதில்லை. அந்த நேரத்தில் லேப்டாப் உங்களிடம் இல்லை என்று காட்ட முடிந்தால் போதும். ஆனால் எதைக் கொண்டு காட்டுவீர்கள்? உங்கள் கடவுச்சொல்லால் திறந்த, உங்கள் பெயரில் ஓடும் விண்டோஸில், அக்கா தட்டியது எது, நீங்கள் தட்டியது எது என்று பிரித்துச் சொல்லும் தடயம் அநேகமாக இருக்காது. அக்கா தப்பாக எதுவும் எழுதமாட்டார்தான். வார இறுதியில் அந்த லேப்டாப் அவர் வீட்டு ஹாலில் கிடக்கும்போது அதைத் தொடும் பிள்ளைகளை உங்களுக்குத் தெரியுமா?

நான் பல ஆண்டுகளாக ஜொகூர் அலுவலகங்களில் கம்ப்யூட்டர் பராமரிப்பு பார்த்தவன். கண்ணால் கண்டதில் அடிக்கடி நடப்பது இதைவிடச் சாதாரணமானது. ஒருமுறை ஓர் அலுவலகத்தில் ஒரு பெண் தன் லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று கொடுத்தார். ஒன்டிரைவின் இலவச 5 ஜிபி இடம் நிரம்பி வழிந்தது. திறந்து பார்த்தால் மைகாட் ஸ்கேன்களும் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பாஸ்போர்ட் நகல்களுமாக வரிசையாக இருந்தன. லேப்டாப்பை இரவல் வாங்கிய சகஊழியர் வேலை முடியும் வரைக்கும் என்று எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் போட்டிருக்கிறார். டெஸ்க்டாப்பில் இருப்பதை ஒன்டிரைவ் தானாகவே மேலே ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் ஹேண்ட்போனிலும் அதே ஒன்டிரைவ் இருந்தது. அவர் மகன் கார்ட்டூன் பார்க்கும் போன் அது. யாருடைய பாஸ்போர்ட் என்றே தெரியாத நகல்கள் மூன்று மாதம் அங்கே கிடந்தன, யாருக்கும் தெரியாது.

உங்கள் அலுவலகமும் வாடிக்கையாளர்களின் ஆவணங்களைக் கையாளுகிறது. அந்த விவரங்களைக் காப்பது 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கம்பெனியின் கடமை. 2024-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்து பெரிய பாதிப்பு வரலாம் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் கம்பெனி தெரிவிக்க வேண்டும். கடமை கம்பெனியுடையது, உங்களுடையது அல்ல. ஆனால் எங்கிருந்து கசிந்தது என்று தேடிப்போனால் போய் நிற்கும் இடம் உங்கள் லேப்டாப்பாக இருக்கும்.

போன் விஷயம் இன்னும் கடுமை. லேப்டாப்பில் உங்கள் பாடமும் படங்களும் இருக்கின்றன, போனில் உங்கள் பணம் இருக்கிறது. நம் வங்கிகள் எஸ்எம்எஸ் டேக் எண்ணைக் குறைத்து, உங்கள் ஒரே ஒரு போனில் இருக்கும் செயலி வழியாகத்தான் பணப் பரிமாற்றத்தை உறுதிப்படுத்துகின்றன. அதாவது அந்தப் போன்தான் சாவி. மற்றக் கணக்குகளுக்குக் கடவுச்சொல்லை மாற்றும் எண்ணும் அதே போனுக்கு வருகிறது. வீட்டுச் சாவியை ஒருவரிடம் கொடுக்கும்போது எப்படி யோசிப்பீர்களோ, திறந்த நிலையில் போனைக் கொடுக்கும்போதும் அப்படி யோசிக்க வேண்டும். யாருக்காவது அவசரமாகப் பேச வேண்டும் என்றால் எண்ணை நீங்களே அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, கையிலேயே வைத்திருங்கள். மரியாதைக் குறைவாக யாரும் நினைக்கமாட்டார்கள்.

சரி, எப்படிச் சொல்வது? அவர் கேட்கும் நேரத்தில் சொல்லாதீர்கள். அப்போது அவருக்கு வேலை நெருக்கடி, உங்களுக்குப் பதற்றம், பக்கத்து மேசைக்காரர்களின் காது வேறு. முந்தின நாள் சாயந்திரம், வீட்டுக்குக் கிளம்பும் முன், அவர் ஒருவரே இருக்கும்போது சொல்லுங்கள். இப்படிச் சொல்லலாம்:

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க. லேப்டாப்பையும் போனையும் இனி ஆபீஸ் வேலைக்குத் தரமுடியாதுக்கா. ரெண்டும் என் பேர்ல இருக்கு, கஸ்டமர் பேப்பர் எல்லாம் அதுல வந்தா நாளைக்கு ஏதாச்சும்னா நான்தான் பதில் சொல்லணும். உங்க கம்ப்யூட்டருக்கு பாஸ்கிட்ட நாளைக்கே ரெண்டு பேருமா கேட்போம், நானும் வர்றேன்."

இதில் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். "தரமுடியாது" என்று நேராக வருகிறது, "பார்க்கிறேன்" என்று இழுக்கவில்லை. அவரைப் பற்றி, அவர் பழக்கம் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை இல்லை. கடைசி வரி அவருக்குப் பக்கபலமாக நிற்கிறது, ஏனென்றால் உங்களுக்குக் கே1 சொல்லிக்கொடுத்தவருக்கு நீங்கள் பட்ட கடனை லேப்டாப்பால் அடைக்க வேண்டியதில்லை, இப்படி அடைக்கலாம். அவர் "இன்னைக்கு மட்டும்" என்றால், காரணத்தை மறுபடியும் விளக்காதீர்கள். "இல்லைக்கா, நாளைக்குக் காலையில பாஸ்கிட்ட போவோம்" என்று அதே பதிலையே சொல்லுங்கள். புதிய காரணம் சொல்லத் தொடங்கினால் புதிய சார்ஜர் வரும்.

மறுநாள் பாஸிடம் பேசுவது முக்கியமான வேலை. ஆறு வாரமாக ஒரு கிளார்க்குக்குக் கம்ப்யூட்டர் இல்லை என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை, ஏனென்றால் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. உங்கள் லேப்டாப்தான் அந்தப் பழுதை அவர் கண்ணில் இருந்து மறைத்துவைத்திருக்கிறது. "வாடிக்கையாளர் ஆவணங்கள் இப்போது ஊழியரின் சொந்த லேப்டாப்பில் இருக்கின்றன" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். ஒரு கம்ப்யூட்டரை அன்றே ஏற்பாடு செய்வதற்கு அந்த ஒரு வரியே போதும் என்று நினைக்கிறேன். வாய்ப்பேச்சோடு விடாமல் ஒரு சிறு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள்.

உண்மையான அவசரம் வந்தால்? கப்பல் நாளைக்கு, வேறு கம்ப்யூட்டர் இல்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. விண்டோஸில் Settings, அதில் Accounts, அதில் Other users என்று போய் அக்காவுக்குத் தனிக் கணக்கு ஒன்றைத் திறங்கள். அது Standard User ஆக இருக்கட்டும். அவர் அதில் நுழைந்தால் உங்கள் கோப்புகளை அவரால் திறக்க முடியாது, அவர் செய்ததும் அவர் கணக்கில்தான் இருக்கும். முன்பு சொன்ன "யார் தட்டியது" என்ற கேள்விக்கும் ஓரளவு பதில் கிடைக்கும். உங்கள் கண் முன்னால் வேலை முடிய வேண்டும், வீட்டுக்குப் போகக் கூடாது. முடிந்ததும் கோப்புகளைக் கம்பெனி மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு அந்தக் கணக்கை அழித்துவிடுங்கள். ஐபோனில் இப்படி இன்னொருவருக்குத் தனிக் கணக்கு திறக்க வழி இல்லை, அதனால் ஐபோனுக்கு இந்தச் சலுகையும் இல்லை.

இதுவரை நடந்ததையும் துடைக்க வேண்டும். அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். முதலில் அவர் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து Linked devices பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் லேப்டாப் அங்கே இருந்தால் வெளியேற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர் குடும்பச் செய்திகள் எல்லாம் உங்கள் திரையில் வந்துகொண்டிருக்கும், அது அவருக்கும் நல்லதல்ல. பிறகு Downloads கோப்புறையையும் டெஸ்க்டாப்பையும் தேதி வாரியாக அடுக்கி, அலுவலகக் கோப்புகளை அவரிடம் கொடுத்துவிட்டு அழியுங்கள். ஒன்டிரைவில் அழித்தது அதன் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதையும் காலி செய்ய மறக்காதீர்கள். உலாவியில் அவர் கடவுச்சொற்கள் சேமித்திருந்தால் அவற்றையும் நீக்குங்கள்.

ராத்திரி பதினோரு மணி டிரைவருக்கு ஒரே ஒரு செய்தி போதும்: "அண்ணே, இது என் சொந்த நம்பர். கண்டெய்னர் விஷயத்துக்கு அக்காவோட நம்பருக்கும் ஆபீஸ் நம்பருக்கும் கூப்பிடுங்க." இரண்டு எண்களையும் கீழே போட்டு, அந்தச் செய்தியை உங்கள் போனில் இருந்து நீங்களே அனுப்புங்கள்.