ஜோடி சேராத எண்: நேர்காணலில் கேட்கும் பிட் கணக்குகள்

ஒரு அர்ரேயில் எல்லா எண்களும் இரண்டு முறை வருகின்றன. ஒன்று மட்டும் ஒரே முறை. அது எது? மென்பொருள் வேலை நேர்காணல்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. டிக்‌ஷனரி வைத்து எண்ணலாம் என்று சொன்னால் அதுவும் சரியான விடைதான். ஆனால் "கூடுதல் மெமரி எடுக்காமல் முடியுமா?" என்று அடுத்து கேட்பார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது எக்ஸ்-ஆர், அதாவது `^`.

மாடிப்படி விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சை ஒரு தடவை தட்டினால் விளக்கு எரியும், இன்னொரு தடவை தட்டினால் அணையும். எக்ஸ்-ஆர் ஒவ்வொரு பிட்டிலும் இதைத்தான் செய்கிறது. வரும் பிட் 1 என்றால் சுவிட்சைத் தட்டுகிறது, 0 என்றால் தொடுவதில்லை. ஒரே எண் இரண்டு முறை வந்தால் தட்டியதெல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எந்த வரிசையில் வந்தாலும் விளைவு ஒன்றே.

```python
r = 0
for x in a:
    r ^= x
```

[7, 3, 5, 3, 7] என்ற அர்ரேயைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 111-உடன் 011 சேர்ந்தால் 100. அதனுடன் 101 சேர்ந்தால் 001. அடுத்த 3 வந்ததும் 010, கடைசி 7 வந்ததும் 101. விடை 5.

இதை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வார்கள்: தனி எண்கள் இரண்டு இருந்தால்? [4, 9, 6, 9, 4, 3] என்பதில் எல்லாவற்றையும் எக்ஸ்-ஆர் செய்தால் 5 வருகிறது. அந்த எண் அர்ரேயிலேயே இல்லை. 6-உம் 3-உம் எக்ஸ்-ஆர் ஆகிக் கிடைத்த 101 அது. ஆனால் அதற்குள் ஒரு துப்பு இருக்கிறது. எங்கே 1 இருக்கிறதோ, அந்த இடத்தில் இரண்டு தனி எண்களும் வேறுபடுகின்றன. அப்படி ஒரு இடம் போதும். வலது ஓரத்தில் உள்ள 1-ஐ மட்டும் `r & -r` பிரித்துத் தரும். இங்கே அது 1.

அந்த பிட் உள்ளவை 9, 9, 3. இல்லாதவை 4, 6, 4. ஜோடி எண்கள் இரண்டும் ஒரே குழுவில்தான் விழும், ஏனென்றால் அவற்றின் பிட்கள் ஒன்றே. ஒவ்வொரு குழுவும் பழைய முதல் கேள்வியாகிவிடுகிறது. விடை 3, 6. மற்ற எண்கள் மூன்று முறை வந்தால் எக்ஸ்-ஆர் உதவாது. மூன்று தட்டல் என்பது ஒரு தட்டலுக்குச் சமம். அங்கே ஒவ்வொரு பிட் இடத்திலும் எத்தனை 1 என்று எண்ணி 3-ஆல் வகுத்து மீதியை எடுக்க வேண்டும்.

எண்ணுவது என்றதும் அடுத்த கேள்வி வந்துவிடும்: ஒரு எண்ணில் எத்தனை 1 பிட்கள்? ஒவ்வொரு பிட்டாகத் தள்ளிப் பார்த்தால் 32 பிட் எண்ணுக்கு 32 சுற்றுகள் வரை ஆகும். 1 உள்ள இடங்களை மட்டும் தொடும் வழி இது:

```python
c = 0
while n:
    n &= n - 1
    c += 1
```

ஒரு எண்ணிலிருந்து 1 கழித்தால் வலது ஓர 1 பிட் 0 ஆகும், அதற்கு வலப்பக்கம் உள்ள 0-கள் எல்லாம் 1 ஆகும், இடப்பக்கம் மாறாது. பழைய எண்ணோடு ஆண்ட் செய்தால் அந்த ஒரு பிட் மட்டும் உதிர்ந்துவிடும். 44 என்பது 101100. 43 என்பது 101011. ஆண்ட் செய்தால் 101000, அதாவது 40. அடுத்த சுற்றில் 32, அதற்கடுத்து 0. மூன்று சுற்று, மூன்று பிட். கெர்னிகன் முறை என்று இதைச் சொல்வார்கள்; கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய சி மொழிப் புத்தகத்தின் 1988 பதிப்பில் இது ஒரு பயிற்சிக் கணக்கு.

இதே வரியை வைத்து 2-இன் அடுக்கா என்றும் சோதிக்கலாம்: ஒரு தடவை செய்ததும் 0 வந்தால் ஆம். ஆனால் 0-வும் இந்தச் சோதனையில் தேறிவிடும், அதனால் `n > 0` என்பதைச் சேர்க்க மறக்காதீர்கள். சி-யில் `n & (n-1) == 0` என்று எழுதினால் கம்பைலர் முதலில் `==`-ஐத்தான் பார்க்கும், விடை தப்பும். `(n & (n-1)) == 0` என்று வெளியே இன்னொரு அடைப்பு போடுங்கள்.

மைனஸ் எண்களில்தான் பலர் விழுகிறார்கள். ஜாவாவில் `n >>= 1` என்று தள்ளி எண்ணினால் மைனஸ் எண் கடைசியில் -1-இல் போய் நிற்கும், லூப் முடியவே முடியாது. `>>>` போட வேண்டும். பைத்தானில் எண்ணுக்கு 32 பிட் எல்லையே கிடையாது. அதனால் மேலே உள்ள லூப்பும் மைனஸ் எண்ணில் ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் `n &= 0xFFFFFFFF` என்று வெட்டிக்கொள்ளுங்கள்.

பைத்தான் 3.10 முதல் இருக்கும் `bit_count()`-ஐப் பயன்படுத்தினாலும் கவனம் தேவை. `(-1).bit_count()` தருவது 1. ஜாவாவின் `Integer.bitCount(-1)` தருவது 32. எந்தக் கணக்கு வேண்டும் என்று கேள்வி கேட்டவரிடமே கேட்டுவிட்டு எழுதத் தொடங்குங்கள்.