ஆண்டுப் பொதுக்கூட்டமா? கோரம் குறையாமல் கூட்ட சில குறிப்புகள்

பினாங்கில் குடியிருப்புச் சங்கம், கோயில் தொண்டர் சங்கம், மாதர் சங்கம் என்று ஏதோ ஒன்றில் செயலாளராக இருப்பவர்களுக்கு இவை கைகொடுக்கும். மண்டப வாடகையை இரண்டு தடவை கட்டாமல் ஒரே கூட்டத்தில் காரியம் முடிய வேண்டுமே!

1. முதலில் சங்க விதிப்புத்தகத்தை எடுத்து நான்கு விஷயங்களைத் தனித்தாளில் குறித்து வையுங்கள்: அறிவிப்புக்கு எத்தனை நாள், கோரம் எத்தனை பேர், பதிலாள் உண்டா, ஓட்டுரிமை யாருக்கு. இவை சங்கத்துக்குச் சங்கம் மாறும். பக்கத்துச் சங்கத்தின் பழைய கடிதத்தை அப்படியே பெயர் மாற்றி அனுப்பினால் கூட்டமே செல்லாமல் போகலாம்.

2. தேதியை முன்னாலிருந்து எண்ணாமல் கூட்ட நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஏப்ரல் 26 ஞாயிறு கூட்டம், விதியில் முதல் அறிவிப்புக்கு 30 நாள், நிகழ்ச்சி நிரலுக்கு 14 நாள் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 27-க்குள் முதல் கடிதமும் ஏப்ரல் 12-க்குள் நிரலும் போயாக வேண்டும். இரண்டையும் ஓரிரு நாள் முன்னாலேயே அனுப்பிவிட்டால் நாள் கணக்கில் யாரும் குறை சொல்ல முடியாது. தைப்பூசச் சமயத்தையும், ஜார்ஜ்டவுனுக்கென்றே பினாங்கில் விடுமுறையாக இருக்கும் ஜூலை 7-ஐயும் தவிர்ப்பது நல்லது.

3. முதல் கடிதத்திலேயே, "தீர்மானங்களையும் தேர்தல் முன்மொழிவுகளையும் இந்தத் தேதிக்குள் எழுத்து மூலம் தாருங்கள்" என்று கேட்டுவிடுங்கள். வந்தவற்றை நிரலில் ஒவ்வொன்றாக எழுதுங்கள். "இதர விவகாரங்கள்" என்ற கடைசி வரியில் சந்தா உயர்வையோ விதித் திருத்தத்தையோ நுழைக்கப் பார்த்தால், வராதவர்கள் பிறகு எதிர்ப்புத் தெரிவிக்க நியாயம் கிடைத்துவிடும்.

4. நிரலை ஒரே பக்கத்தில் அடக்கலாம்: தலைவர் உரை, கடந்த கூட்டக் குறிப்பு, செயலறிக்கை, தணிக்கை செய்த கணக்கு, தேர்தல், கணக்காய்வாளர் நியமனம், வந்த தீர்மானங்கள், இதர விவகாரங்கள். அறிக்கையும் கணக்கும் கூடவே போகட்டும். புலனத்தில் அனுப்பினாலும், விதியில் தபால் என்று இருந்தால் தபாலிலும் போடுங்கள். தபால் செலவு இன்னொரு கூட்டச் செலவைவிடக் குறைவுதான்.

5. கோரத்தை எண்ணாகவே கடிதத்தில் போடுங்கள். பல சங்க விதிகளில், ஓட்டுரிமை உள்ளவர்களில் பாதி, அல்லது செயலவையினர் எண்ணிக்கையைப் போல் இரண்டு மடங்கு, இதில் எது குறைவோ அது என்று இருக்கும். ஓட்டுள்ளவர்கள் 60 பேர், செயலவையில் 11 பேர் என்றால் பாதி 30, இரண்டு மடங்கு 22. ஆக 22 பேர் வந்தால் போதும். "22 பேர் இல்லாவிட்டால் கூட்டம் தள்ளிப்போகும்" என்ற ஒரு வரியைப் படித்தால், வரலாமா வேண்டாமா என்று யோசிப்பவரும் கிளம்பிவிடுவார்.

6. சந்தா பாக்கிப் பட்டியலைப் பொருளாளரிடம் முன்கூட்டியே வாங்குங்கள். பாக்கி வைத்தவருக்கு ஓட்டில்லை என்று விதி இருந்தால், வாசல் மேசையில் வைத்து அதைச் சொல்வது இருவருக்கும் சங்கடம். அறிவிப்போடு கூடவே பாக்கித் தொகையை எழுதி அனுப்பினால் பணமும் வரும், ஆளும் வருவார்.

7. பதிலாள் விஷயத்தில் கவனம் தேவை. விதியில் இடமில்லாவிட்டால், அண்ணன் கையெழுத்திட்ட சீட்டோடு தம்பி வந்தாலும் அந்த ஓட்டு செல்லாது. இடமிருந்தால் படிவத்தில் உறுப்பினர் பெயர், எண், பதிலாள் பெயர், எந்தத் தேதிக் கூட்டம், கையெழுத்து ஆகிய ஐந்தும் இருக்கட்டும். அவர் கோரத்தில் சேர்வாரா, ஒருவர் எத்தனை பேருக்கு நிற்கலாம் என்பதையும் விதியைப் பார்த்துப் படிவத்தின் அடியிலேயே அச்சடித்துவிடுங்கள்.

8. அடுக்குமாடி நிர்வாகக் கூட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நிறைய பேர் தடுமாறுவது இங்கேதான். 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டப்படி அங்கே பதிலாள் உண்டு, ஒருவர் ஒரே ஓர் உரிமையாளருக்குத்தான் நிற்கலாம், படிவம் 48 மணி நேரத்துக்கு முன் வந்துசேர வேண்டும். அரை மணி நேரத்தில் கோரம் சேராவிட்டால் வந்திருக்கும் ஓட்டுரிமையாளர்களே கோரம். 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கங்களிலோ வழக்கமான விதி வேறு. அரை மணி நேரம் காத்திருந்து, 30 நாளுக்குள் வேறு தேதிக்குத் தள்ளிவைக்க வேண்டும். அன்றும் ஆள் குறைந்தால் வந்தவர்களை வைத்து நடத்தலாம். ஆனால் விதியைத் திருத்த முடியாது. திருத்தம் கொண்டுவரப் போகிற வருடத்தில் முதல் கூட்டத்துக்கே கோரம் சேர்த்தாக வேண்டும்.

9. மீ கோரெங்கும் தே தாரேக்கும் கூட்டம் முடிந்த பிறகு என்று வைக்காதீர்கள். "9.30-க்குப் பசியாறல், 10 மணிக்குக் கூட்டம்" என்று கடிதத்தில் போட்டால், பத்து மணிக்குள் கையெழுத்துப் புத்தகம் நிறைந்துவிடும். முந்தின நாள் செயலவையினர் ஆளுக்கு ஐந்து பேரைத் தொலைபேசியில் அழைத்துவிட்டால் 11 பேர் 55 வீடுகளை எட்டிவிடலாம்.

10. கூட்டம் முடிந்த கையோடு வருகைப் பதிவு, கூட்டக் குறிப்பு, கணக்கு மூன்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். கூட்டம் நடந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். ஏப்ரல் 26-இல் கூட்டம் என்றால் கடைசி நாள் ஜூன் 25.