காக்காவும் தாத்தாவும்

வெண்ணந்தூரில் ஒரு தறிக்காரர் வீட்டுப் பையன், நாலு வயது ஆகப்போகிறது. கூரையில் உட்கார்ந்த காக்காவைக் காட்டி "தாத்தா, தாத்தா" என்று கத்துவான், உள்ளேயிருந்து தாத்தா எழுந்து வருவார். வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு. அங்கன்வாடி டீச்சர் சிரிக்கவில்லை, என்னிடம் அனுப்பிவிட்டார். பேச்சுப் பயிற்சி தருவது என் வேலை.

"நாக்கு ஒட்டிக்கிட்டு இருக்குதுங்களா? வசம்பு கூட தேச்சுப் பாத்தாச்சுங்க" என்றார் பையனின் ஆயா. இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. நாக்கை நீட்டச் சொன்னேன், உதட்டைத் தாண்டி வந்தது. வராமல் இருந்தாலும் இதற்கு அது காரணமாகாது. 'க' பிறப்பது அடிநாக்கில். நுனிக்குக் கீழே இருக்கும் சதையை வெட்டினால் 'க' வந்துவிடாது. வசம்பும் அந்த வேலையைச் செய்யாது.

அடிநாக்கு எழும்பி மேலண்ணத்தைத் தொட வேண்டிய நேரத்தில் இவனுக்கு நுனிநாக்கு பல்லை முட்டுகிறது. பின்னால் பிறக்க வேண்டிய ஒலி முன்னால் பிறக்கிறது. அதனால் கை 'தை' ஆகும், கம்பி 'தம்பி' ஆகும். இரண்டு, இரண்டரை வயதில் இது மழலைதான். பொதுவாக மூன்றரை வயதுக்குள் தானாகப் போய்விடும். நாலு வயதிலும் அப்படியே இருந்தால் காத்திருக்க மாட்டேன்.

"தாத்தாவா பறக்குது?" என்று அவனிடம் வேண்டுமென்றே கேட்டேன். முகம் சிவக்க, "இல்ல, தாத்தா!" என்றான். நான் சொன்னது தப்பு என்று தெரிகிறது, சரியாகச் சொல்லத்தான் வரவில்லை. 1960இல் பெர்கோ, பிரௌன் என்ற இருவர், 'ஃபிஷ்' என்பதை 'ஃபிஸ்' என்று சொன்ன குழந்தையிடம் இதையே பார்த்து எழுதினார்கள். ஆகவே "சரியாச் சொல்லு, சொல்லு" என்று அதட்டிப் பயனில்லை. "ஆமா, காக்கா. காக்கா பறக்குது" என்று நாம் திருத்தமாகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தால் போதும்.

இருந்தாலும் காதுப் பரிசோதனை செய்யாமல் நான் பயிற்சி தொடங்குவதில்லை. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும்; வலி இருக்காது, கேட்பது மட்டும் மங்கும். விசைத்தறி ஓடும் வீட்டில் எல்லோரும் கத்தியே பேசுவதால் பிள்ளைக்குக் காது மந்தமென்று யாருக்கும் தோன்றாது. இவனுக்குக் காது நன்றாக இருந்தது.

அவனிடம் இன்னொன்றும் இருந்தது. ஸ்கூல் அவன் வாயில் 'தூலு'. ஒட்டி நிற்கும் இரண்டு மெய்யில் ஒன்றை விழுங்கினால் 'கூலு', அந்த 'க'வும் முன்னால் வந்தால் 'தூலு'. தமிழ்ச் சொல் இரண்டு மெய்யோடு தொடங்காது. பெரியவர்களே 'இஸ்கூலு' என்று முன்னால் ஓர் 'இ' போட்டுத்தான் சொல்கிறோம். ப்ளேட்டு 'பேட்டு' ஆவதும், டிரெஸ் 'டெஸ்' ஆவதும் நாலைந்து வயது வரை போகட்டும். வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்றால் அதைப் பிழைக்கணக்கில் சேர்க்கவே மாட்டேன், வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பயிற்சிக்குப் படங்கள் வைத்தேன்: கட்டு, தட்டு, குண்டு, துண்டு, கம்பி, தம்பி. அவன் கேட்பதைத்தான் கொடுப்பேன். கம்பி மத்தாப்புப் படத்துக்கு ஆசைப்பட்டு "தம்பி" என்றான், தம்பிப் பாப்பா படத்தைக் கொடுத்தேன். ஒலி மாறினால் பொருளும் மாறிவிடும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. 'க' வரவழைக்க மல்லாக்கப் படுக்கவைத்தேன், நாக்கு தானாகப் பின்னுக்குச் சரியும். நுனியை அவன் விரலாலேயே கீழ்ப்பல்லுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டு, தொண்டை கொப்பளிப்பது போல ஒலி எழுப்பச் சொன்னேன். முதலில் தனி 'க்', பிறகு 'கூ', 'கோ', அப்புறம் கொக்கு. வீட்டில் தறி நிற்கும் நேரத்தில் கொஞ்ச நேரம் பழக்கச் சொன்னேன்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி சொல்வேன். பிள்ளை பேசுவதை செல்போனில் பதிந்து, அவனோடு பழகாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். இரண்டு வயதில் பாதியாவது, மூன்றில் முக்கால்வாசி, நாலில் ஏறக்குறைய எல்லாமே அவருக்குப் புரிய வேண்டும். அம்மாவுக்குப் புரிவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். 'த'வுக்குப் பதில் 'க' என்று தலைகீழாகப் போனாலோ, சொல்லின் முதல் மெய்யையே விட்டாலோ, எல்லாம் மூக்கால் வந்தாலோ வயது பார்க்காமல் அழைத்து வாருங்கள். ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் "பால் வேணும்" போல இரண்டு சொல் சேரவில்லை, வந்த பேச்சு நின்றுபோனது என்றால் அது ஒலிச் சிக்கலைவிடப் பெரியது. மாவட்ட அரசு மருத்துவமனையில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு உடனே போக வேண்டும்.

பையனுக்கு இப்போது காக்கா காக்காதான். ஸ்கூல் 'கூலு' வரைக்கும் வந்திருக்கிறது. அதில் நான் கைவைக்கவில்லை, ஐந்து வயது ஆகட்டும் என்று ஆயாவிடம் சொல்லியிருக்கிறேன்.