கரையா, கறையா? வசனவரிகளை வெளியீட்டுக்கு முன் சரிபார்த்தல்

“சேலையின் கரை சிவப்பு” என்று மாணவி தெளிவாகத்தான் படித்தாள். கணினி “சேலையின் கறை சிவப்பு” என்று எழுதித் தந்தது. நெசவாளர் ஓரத்தில் நெய்த அழகு, வெளுத்தாலும் போகாத அழுக்காகிவிட்டது. எழுத்துப்பிழை திருத்தியில் இட்டுப் பார்த்தால் அந்த வரியின்கீழ் ஒரு கோடுகூட விழவில்லை. ‘கறை’ என்பதும் நல்ல தமிழ்ச் சொல்தானே!

குறுங்காணொளிக்குத் தானியங்கியாக வசனவரி எடுக்கும்போது நம்மை அதிகம் ஏமாற்றுவது இந்த வகைப் பிழைதான். ஒரு காணொளியை வைத்தே இதைப் பார்ப்போம்.

1905 ஆகஸ்ட் 7 அன்று தொடங்கிய சுதேசி இயக்கத்தின் நினைவாக, 2015 முதல் அந்த நாளைத் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடுகிறோம். ஆரணியில் தறி இல்லாத தெருவைத் தேடுவது கடினம். எனவே அந்நாளுக்காக எங்கள் ஏழாம் வகுப்பு மாணவர்கள் பட்டு நெசவைப் பற்றி 90 நொடிக் காணொளி ஒன்றைத் தயாரித்தனர். காலை 9 மணிக்கு யூடியூபில் வெளியாகும்படி நேரம் குறித்தோம். அந்த வகுப்பில் செவித்திறன் குறைந்த மாணவன் ஒருவன் இருக்கிறான். மற்றவர்கள் ‘கறை’ என்று படித்தாலும் காதில் விழும் பேச்சைக்கொண்டு பொருளைப் பிடித்துக்கொள்வார்கள். அவனுக்கு அந்த எழுத்து மட்டும்தான் பாடம்.

வசனவரி எடுக்க விஸ்பர் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினோம். 2022இல் வெளியான இது இலவசம், தமிழும் அறியும். கட்டளை எழுத விரும்பாதவர்கள் Subtitle Edit என்னும் இலவச மென்பொருளில் Video பட்டியலுக்குள் Audio to text என்பதைத் தேர்ந்தெடுத்து இதே வேலையைச் செய்யலாம். மாதிரியில் small, medium, large என அளவுகள் உண்டு. தமிழுக்குச் சிறியது போதாது. medium சுமார் 1.5 ஜிபி இருக்கும். பழைய கணினியில் ஒன்றரை நிமிடக் காணொளிக்கே பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். முதல் முயற்சியில் கிடைத்த கோப்பின் ஒரு பகுதி இது:

```
4
00:00:21,300 --> 00:00:25,100
பட்டு இலையை குளி தரியில்
ஏற்றும் முன் பாவு போட வேண்டும்
```

மாணவி படித்தது “பட்டு இழையைக் குழித்தறியில் ஏற்றும் முன்” என்பது. இழை இலையானது, தறி ‘தரி’யானது, நெசவாளர் கால் வைக்கும் குழி, குளிக்கும் ‘குளி’யானது. இலக்கணத்தில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் வேறுபாடு சொல்லித்தருகிறோம். அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் இரண்டும் ஒரே ஒலிதான். எங்கள் பக்கத்தில் ழகரமும் பலர் வாயில் ளகரமாகிவிடும். ஒலி ஒன்றாக இருக்கும்போது, எந்தச் சொல்லை அதிகம் கண்டிருக்கிறதோ அதன் பக்கமே கணினி சாயும். எழுதப்பட்ட தமிழில் இழையைவிட இலை மிகுதி. நெசவுச் சொற்களில் பிழை குவிவதற்கு இதுவே காரணம். மாணவியின் உச்சரிப்பைக் குறை சொல்வதில் பொருளில்லை.

இதற்கு இரண்டு வேலைகள் உதவின. முதலாவது, பதிவுக்கு முன்பே துறைச்சொற்களைப் பட்டியலிட்டு விஸ்பருக்குக் கொடுப்பது.

```
whisper kural.wav --language ta --model medium --initial_prompt "இழை, தறி, குழித்தறி, கரை, பாவு, ஊடை, ஜரிகை" --output_format srt
```

இப்படிக் கொடுத்தால் அந்தச் சொற்களின் பக்கம் அது சாய வாய்ப்பு கூடும். ஆனால் விஸ்பர் ஒலியை 30 நொடித் துண்டுகளாக எடுத்துக்கொள்கிறது. பட்டியல் நேரடியாகப் போய்ச் சேர்வது முதல் துண்டுக்குத்தான். எங்கள் கோப்பிலும் முற்பகுதியில் ‘தறி’ சரியாக வந்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் மீண்டும் ‘தரி’ தலைகாட்டியது.

இரண்டாவது வேலை எண்ணிப் பார்ப்பது. மாணவர்கள் எழுதிவைத்த உரையில் ‘இழை’ ஐந்து இடங்களில் இருந்தது. கிடைத்த கோப்பில் Ctrl+F அழுத்தித் தேடினால் மூன்றுதான். மீதி இரண்டும் இலையாகவோ இளையாகவோ ஒளிந்திருக்க வேண்டும். அவற்றைத் தேடினால் அகப்பட்டுவிடும். கரை–கறை, அரை–அறை, பணி–பனி, விலை–விளை ஆகிய இணைகளையும் இப்படியே தேடிப் பார்த்தோம். மாணவர்களிடமே விட்டால் போட்டிபோட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். ல, ள, ழ வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல பயிற்சித்தாளை நான் தயாரித்ததில்லை.

இதன் பிறகே திருத்திகளுக்குப் போகலாம். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழைகளைக் காட்டும். அவரே உருவாக்கிய நாவி சந்திப்பிழைகளைக் காட்டும். பேசுபவர் சற்று நிறுத்திப் பேசினால் கணினி ‘பட்டு சேலை’, ‘கைத்தறி சேலை’ என்று ஒற்றில்லாமல் பிரித்துவிடும். அவற்றைப் ‘பட்டுச் சேலை’, ‘கைத்தறிச் சேலை’ ஆக்க இத்தகைய கருவி கைகொடுக்கும். ‘ஊடை’ போன்ற சொல்லைத் திருத்தி ஐயத்தோடு குறித்தால் பயந்து மாற்றிவிட வேண்டாம். அது பாவுக்குக் குறுக்கே ஓடும் நூலின் பெயர். தெருவில் உள்ள எந்த நெசவாளரைக் கேட்டாலும் சொல்வார்.

நெசவாளர் பேசும் பகுதியை நாங்கள் எழுத்து வழக்குக்கு மாற்றவில்லை. “பாவு போட்டாத்தான் நெய்ய முடியும்” என்றால் அப்படியே இருக்கட்டும். திரையில் அவர் வாய் ஒன்று சொல்ல, கீழே பாடநூல் நடை ஓடினால் அது அவர் பேச்சாக இருக்காது. வருணனைக்கு எழுத்து வழக்கு, நெசவாளருக்குப் பேச்சு வழக்கு என்று முன்பே முடிவு செய்துகொண்டால் போதும்.

தறி ஓசை மட்டும் கேட்கும் இடங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். பேச்சே இல்லாத நொடிகளில் விஸ்பர் முந்தைய வரியைத் திரும்பத் திரும்ப எழுதும். சில வேளை யாரும் சொல்லாத ‘நன்றி’யையும் எழுதிவைக்கும். நாடா ஓடும் காட்சியில் எங்களுக்கு ஒரே வரி மூன்று முறை வந்தது. அதை நீக்கி ‘[தறி ஓசை]’ என்று எழுதினோம். வருணனையை அமைதியான அறையில் தனியாகப் பதிவு செய்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

ஆகஸ்ட் 7 வெளியீடு என்றால் 5ஆம் தேதியே காணொளியைப் பதிவேற்றிவிடலாம். யூடியூப் ஸ்டுடியோவில் Visibility பகுதியில் Schedule தேர்ந்து நாளும் நேரமும் குறித்தால் அதுவரை அது பொதுப்பார்வைக்கு வராது. நேர மண்டலம் இந்திய நேரமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும். Subtitles பகுதியில் தமிழைச் சேர்த்து, Upload file, With timing வழியாகத் திருத்திய கோப்பை ஏற்றலாம். கோப்பை UTF-8 ஆகச் சேமித்திருக்க வேண்டும். இல்லையெனில் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் ஓடும்.

6ஆம் தேதி மாலை 4 மணியைக் கடைசி நேரமாக வைத்தோம். உரையை எழுதாத, படப்பிடிப்புக்கும் வராத ஓர் ஆசிரியரிடம் கொடுத்து, முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னோம். ஒலி இருந்தால் காது கேட்பதையே கண்ணும் படித்துவிடும், பிழை தெரியாது. எண்ணிக்கையில் சிக்காத ‘விழைந்த பட்டு’ அவர் கண்ணில்தான் பட்டது. ‘விளைந்த பட்டு’ என்று திருத்தினோம். அடுத்து ஒலியோடு ஒருமுறை பார்த்தார். அந்நேரத்துக்குள் சரிபார்ப்பு முடியாவிட்டால் வெளியீட்டு நேரத்தைத் தள்ளிவைப்பதே என் முடிவாக இருந்திருக்கும். வசனவரி இல்லாமல் வெளியிட்டால் அந்த மாணவனுக்கு அன்று காணொளியே இல்லை.

வாட்ஸ்அப்பில் பெற்றோருக்கு அனுப்பும் படியில் மட்டும் வசனவரியைப் படத்தோடு பதித்தோம், அதுவும் எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகு. யூடியூபில் தனிக்கோப்பாக இருப்பதை வெளியான பின்னும் மாற்றலாம். படத்தில் பதிந்த ‘கறை’ எத்தனை கைபேசிகளுக்குப் போகிறதோ, அத்தனையிலும் அப்படியே இருக்கும்.