எஸ்.ஐ.பி.: தவணைப் பணம் யூனிட்டுகளாகும் விதம்

பணியில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆன இளம் வாடிக்கையாளர்கள் நமது கிளைகளில் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு: "எஸ்.ஐ.பி. எத்தனை விழுக்காடு வட்டி தரும்?" இவ்வினாவிலேயே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. எஸ்.ஐ.பி. என்பது தனியொரு முதலீட்டுப் பொருளன்று. பரஸ்பர நிதித் திட்டமொன்றின் யூனிட்டுகளைக் குறித்த நாளில், குறித்த தொகைக்குத் தொடர்ந்து வாங்கும் முறை மட்டுமே அது. தொடர் வைப்பில் மாதத் தவணைக்கு எவ்வளவு வட்டி என்பதைக் கணக்குத் தொடங்கும் நாளிலேயே வங்கி உறுதியளிக்கிறது. எஸ்.ஐ.பி.யில் அத்தகைய உறுதி எதுவும் இல்லை. தவணை செலுத்தும் பழக்கத்தில் இரண்டும் ஒத்திருப்பதால்தான் இந்தக் குழப்பம் நேர்கிறது. வங்கிக் கிளையின் வழியே வாங்கினாலும் பரஸ்பர நிதி வங்கி வைப்பாகிவிடாது; வைப்புகளுக்கு உள்ள 5 லட்சம் ரூபாய்க் காப்பீடும் அதற்குப் பொருந்தாது.

அப்படியானால் மாதந்தோறும் கணக்கிலிருந்து எடுக்கப்படும் பணம் என்ன ஆகிறது? ஓர் எடுத்துக்காட்டின் மூலம் பார்ப்போம்.

மாதம் 35,000 ரூபாய் ஊதியம் பெறும் ஒருவர், பங்குசார் திட்டமொன்றில் மாதம் 5,000 ரூபாய்க்கு எஸ்.ஐ.பி. தொடங்குகிறார் என்று கொள்வோம். பணம் நிதி நிறுவனத்தைச் சென்றடையும் நாளின் நிகர சொத்து மதிப்பே, அதாவது என்.ஏ.வி.யே, அவருக்குரிய கொள்முதல் விலை. முதல் மாதம் அது 50 ரூபாய். எனவே 100 யூனிட்டுகள் கிடைக்கின்றன. அடுத்த மாதம் சந்தை சரிந்து விலை 40 ரூபாயாகிறது. அதே 5,000 ரூபாய்க்கு 125 யூனிட்டுகள். மூன்றாம் மாதம் 32 ரூபாய்; 156.25 யூனிட்டுகள். பின்னர் விலை மீண்டு நான்காம் மாதம் 40, ஐந்தாம் மாதம் 50 என்று ஏறுகிறது. முறையே 125, 100 யூனிட்டுகள் சேர்கின்றன.

ஐந்து மாதங்களில் செலுத்தியது 25,000 ரூபாய், கையிலிருப்பது 606.25 யூனிட்டுகள். விலை தொடங்கிய இடமாகிய 50 ரூபாய்க்கே திரும்பியிருக்கிறது. ஆயினும் முதலீட்டின் மதிப்பு 30,312 ரூபாய் 50 காசுகள். கொள்முதலின்போது கழிக்கப்படும் முத்திரைத் தீர்வை ஒரு தவணைக்கு ஏறத்தாழ 25 காசுதான் என்பதால் அதை இங்கு விட்டுவிட்டோம். ஐந்து மாத விலைகளின் சராசரி 42 ரூபாய் 40 காசு. அவர் ஒரு யூனிட்டுக்குச் செலவிட்டதோ சராசரியாக 41 ரூபாய் 24 காசு மட்டுமே. தொகை மாறாதிருப்பதால் விலை குறைந்த மாதத்தில் தாமாகவே அதிக யூனிட்டுகளும், விலை மிகுந்த மாதத்தில் குறைந்த யூனிட்டுகளும் சேர்கின்றன. சீரான முதலீடு என்பதன் பொருள் இதுவே.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் கூறுவது நமது கடமை. விலை சரியாமல் 50, 55, 60, 65, 70 என்று ஏறிக்கொண்டே சென்றிருந்தால், அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 422.6 யூனிட்டுகள், மதிப்பு சுமார் 29,580 ரூபாய். முதல் மாதமே 25,000 ரூபாயையும் மொத்தமாகச் செலுத்தியவருக்கு 500 யூனிட்டுகளும் 35,000 ரூபாயும் கிடைத்திருக்கும். ஆகவே எஸ்.ஐ.பி. எப்போதும் கூடுதல் ஆதாயம் தரும் என்பது உண்மையன்று. விலை சரிந்து மீளாமலே போனால் நட்டமும் நேரும். எனினும் மாத ஊதியக்காரரிடம் முதல் மாதத்திலேயே மொத்தத் தொகை இருப்பதில்லை. ஆகவே இந்த ஒப்பீடு அவருக்குப் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நிற்கிறது.

எடுத்துக்காட்டின் மூன்றாம் மாதத்தைச் சற்று திரும்பிப் பார்க்கலாம். அன்று அவரது கணக்கில் செலுத்திய 15,000 ரூபாய்க்கு 12,200 ரூபாயே தெரிகிறது. பலர் தவணையை நிறுத்துவது இந்த இடத்தில்தான். 2020 ஜனவரியில் ஏறத்தாழ 42,000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ், மார்ச் 23 அன்று 26,000க்கும் கீழே முடிவடைந்தது. அவ்வாண்டின் இறுதியில் 47,000ஐத் தாண்டியிருந்தது. மார்ச்சில் அஞ்சி நிறுத்தியவர் இழந்தது, மிகுதியான யூனிட்டுகளைத் தரக்கூடிய தவணைகளையே. ஆனால் எல்லாச் சரிவுகளும் இவ்வளவு விரைவில் மீள்வதில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குசார் திட்டத்தில் இட வேண்டாம் என்று நாம் கூறுவது இதனால்தான். சில மாதச் செலவுக்கான தொகையைச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்கிய பின்னரே எஸ்.ஐ.பி. தொடங்க வேண்டும், இல்லையெனில் மருத்துவச் செலவொன்று வந்தாலும், சரிந்த விலைக்கே யூனிட்டுகளை விற்க நேரிடும்.

நடைமுறையில் நேரும் தவறுகள் பெரும்பாலும் தேதியைப் பற்றியவை. ஊதியம் வரும் நாளையே தவணை நாளாகக் குறித்தால், ஊதியம் ஒரு நாள் தாமதமானாலும் கணக்கில் இருப்பு போதாமல் பற்று திரும்பிவிடும். நிதி நிறுவனம் இதற்கு அபராதம் விதிப்பதில்லை; அம்மாதத் தவணை விடுபடும், அவ்வளவே. ஆனால் பற்று திரும்பியதற்கான கட்டணத்தை வங்கி வசூலிக்கும். மாதத் தவணை மூன்று முறை தொடர்ந்து தவறினால் எஸ்.ஐ.பி.யே ரத்தாவது வழக்கம். ஊதிய நாளுக்கு நான்கைந்து நாள்கள் கழித்துத் தேதியைக் குறிப்பது நல்லது. பற்று அனுமதிப் படிவத்தில் 5,000க்குப் பதிலாக 25,000 என்ற உச்சவரம்பைக் கண்டு திகைப்போரும் உண்டு. அது எடுக்கத்தக்க பெரும அளவு. எடுக்கப்படுவது தவணைத் தொகை மட்டுமே.

ஆதாயத்தைக் கணக்கிடுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஓராண்டில் 60,000 ரூபாய் செலுத்தி, அது 63,000 ஆகியிருந்தால், ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று எண்ணுவது தவறு. முதல் தவணைக்கு வயது 12 மாதம். கடைசித் தவணைக்கோ ஒரு மாதம். சராசரி வயது ஆறரை மாதமே. ஆகவே ஆண்டுக் கணக்கில் அது 9 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். அறிக்கையில் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். என்று அச்சிடப்படுவது ஒவ்வொரு தவணையின் வயதையும் கருதிய இந்த விகிதமே.

தவணைக்குத் தவணை வயது வேறுபடுவது விற்கும்போதும் முக்கியமாகிறது. முதலில் வாங்கிய யூனிட்டுகளே முதலில் விற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். பல பங்குசார் திட்டங்களில், ஓராண்டு நிறைவதற்குள் விற்கும் யூனிட்டுகளுக்கு 1 விழுக்காடு வெளியேறும் கட்டணம் உண்டு. வரிச்சலுகைக்கான இ.எல்.எஸ்.எஸ். திட்டங்களில் மூன்றாண்டுப் பூட்டு ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியே எண்ணப்படுகிறது. முதல் தவணையின் பூட்டு திறக்கும் நாளில் மற்றவை திறப்பதில்லை.

இறுதியாக, அதிகம் பேசப்படாத ஒரு வரம்பு. தவணைகளின் சராசரி விளைவு தொடக்க ஆண்டுகளில்தான் வலுவாக இருக்கும். பல ஆண்டுகளில் 10 லட்சம் ரூபாய் சேர்ந்துவிட்ட நிலையில் சந்தை 20 விழுக்காடு சரிந்தால் இழப்பு 2 லட்சம், அதாவது நாற்பது மாதத் தவணைகளுக்குச் சமம். அம்மாதம் மலிவாக வாங்கும் 5,000 ரூபாய் யூனிட்டுகள் அதை ஈடுசெய்வதில்லை. வீட்டுக்கான முன்பணம் போன்ற தேவைக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் எஞ்சியிருக்கும்போதே, சேர்ந்த தொகையைப் பகுதி பகுதியாக வைப்புக் கணக்குக்கோ குறைந்த ஏற்ற இறக்கமுள்ள கடன்சார் திட்டத்துக்கோ மாற்றத் தொடங்க வேண்டும். புதிய தவணைகளை நிறுத்துவதால் மட்டும் பழைய யூனிட்டுகள் சந்தையிலிருந்து வெளியேறிவிடுவதில்லை. அவற்றை விற்பதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.