ஒரே உடம்பில் பல வயதுக் கொப்புளங்கள்

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் திண்டுக்கல் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் சின்னம்மையைப் பற்றிய பேச்சு எழும். நம் பெரியவர்கள் நோயின் பெயரைச் சொல்லத் தயங்கி, ‘அம்மை போட்டிருக்கிறது’ என்பார்கள். கொப்புளத்தை ‘முத்து’ என்பார்கள். நிலைக்கதவில் வேப்பிலைக் கொத்து தொங்கும். அதே நாள்களில் கொசுவும் மூட்டைப்பூச்சியும் கடித்துத் தடித்த கைகால்களோடும் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். இக்காலத்துத் தாய்மார் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பி, “சிஸ்டர், இது பூச்சிக்கடிதானே? பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா?” என்று கேட்கிறார்கள். ஒரு படத்தைக் கொண்டு இதற்கு எவ்வளவு தூரம் விடை சொல்ல முடியும் என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

படத்தைக் காட்டி நோயை அறியும் வழக்கம் புதியதன்று. பெரியம்மையை ஒழிக்கும் பணியில் உலக சுகாதார நிறுவனம், பெரியம்மை கண்ட ஒரு குழந்தையின் வண்ணப்படத்தை அட்டையில் அச்சிட்டது. 1973 முதல் நம் நாட்டில் நடந்த பெருந்தேடலில் ஊழியர்கள் அந்த அட்டையைக் கையில் ஏந்தி வீடுவீடாகவும் சந்தைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் காட்டி, “இப்படி யாருக்காவது கண்டிருக்கிறதா?” என்று விசாரித்தார்கள். ஊரில் யார் வீட்டில் என்ன என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்குமா? அவர்கள் நல்ல சாட்சிகளாக இருந்தார்கள். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதத்தில் காணப்பட்டார். உலகில் இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977 அக்டோபரில் சோமாலியாவில் காணப்பட்டார்.

அந்த ஊழியர்களை அதிகம் குழப்பியது சின்னம்மைதான். அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட விதி எளிமையானது. பெரியம்மையில் உடம்பின் ஒரு பகுதியிலுள்ள கொப்புளங்கள் எல்லாம் ஒரே வயதுடையவை. முகத்திலும் கைகால்களிலும் அவை நெருங்கி இருக்கும். சின்னம்மையிலோ ஒரு சாண் இடத்துக்குள்ளேயே பல வயதுக் கொப்புளங்கள் கலந்து நிற்கும். மார்பிலும் முதுகிலும் மிகுதி. பெரியம்மை போய்விட்டது. ஆனால் அன்று கற்பித்த ‘கொப்புளத்தின் வயதைப் பார்’ என்ற விதி, பூச்சிக்கடியிலிருந்து சின்னம்மையைப் பிரித்தறிய இன்றும் நமக்கு உதவுகிறது.

ஒரு சின்னம்மைக் கொப்புளத்தின் வாழ்க்கை மிகக் குறுகியது. முதலில் தோலோடு தோலாக ஒரு சிவந்த புள்ளி. சில மணி நேரத்தில் அது சிறு மேடாகிறது. ஒரு நாள் ஆவதற்குள் அந்த மேட்டின் மீது மெல்லிய தோலுக்குள் தெளிந்த நீர் கோத்துக்கொள்கிறது. ரோஜா இதழின் மேல் பனித்துளி நிற்பது போல என்று மருத்துவ நூல்கள் இதனை வருணிக்கும். நிலக்கோட்டைப் பக்கம் விடியற்காலையில் பூப்பறித்தவர்களுக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஓரிரு நாளில் நீர் கலங்குகிறது, நடுவில் சற்றுக் குழி விழுகிறது, பிறகு காய்ந்து பொருக்குத் தட்டுகிறது.

இவை எல்லாம் ஒரே நாளில் தோன்றினால் ஒரே வயதாக இருக்கும். அப்படித் தோன்றுவதில்லை. மூன்று நான்கு நாள்கள் வரை கூட்டம் கூட்டமாகப் புதியவை வந்துகொண்டே இருக்கின்றன. ஆதலால் முதல் நாள் முளைத்தது பொருக்காகும் வேளையில், பக்கத்திலேயே நேற்றையது நீர் கோத்திருக்கும்; இன்றையது வெறும் புள்ளியாக இருக்கும். தாத்தா, அப்பா, பிள்ளை மூவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பூச்சிக்கடியின் கதை வேறு. கடித்த பூச்சியின் உமிழ்நீரை உடம்பு ஏற்காததால் எழும் தடிப்பு அது. முதலில் பரவலாகத் தடித்து, மறுநாள் கெட்டியான சிறு மேடாகி, நாள்கணக்கில் அப்படியே நிற்கும். உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் நடுவில் ஊசி முனை போன்ற ஒரு புள்ளி, கடித்த இடம், தெரியும். துணி மூடாத முழங்கை, முழங்கால், கணுக்கால் ஆகியவையே பூச்சிக்கு வசதி. மூட்டைப்பூச்சியும் தெள்ளுப்பூச்சியும் அடுத்தடுத்து இரண்டு மூன்று இடங்களில் கடிப்பதால் தடிப்புகள் வரிசையாகவோ கொத்தாகவோ காணப்படும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பூச்சியும் ஒரே இரவோடு நின்றுவிடுவதில்லை. போன வாரக் கடி சொறிந்து புண்ணாகிப் பொருக்காக இருக்கும். நேற்றைய கடி மேடாக இருக்கும். அப்படியானால் இங்கும் பல வயது அல்லவா? ஆம். ஆகையால் ‘பல வயது’ என்பதை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். இடைப்பட்ட பருவம் இருக்கிறதா என்று தேட வேண்டும். சின்னம்மையில் தெளிந்த நீரும் கலங்கிய நீருமாகிய நடுப்பருவங்கள் நிறைந்திருக்கும். பூச்சிக்கடியில் மேடும், நகம் பட்ட பொருக்கும் இருக்கும். நடுவில் ஒன்றும் இராது. சிறு பிள்ளைகளுக்குக் கணுக்காலில் கடித்த இடம் சில வேளை நீர் கோத்துக் கொப்புளிப்பதும் உண்டு. அது காலோடு நிற்கும். தலைமுடிக்குள்ளும் வயிற்றிலும் வாய்க்குள்ளும் வராது.

இனி ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. அவளுக்கு ஐந்து வயதுத் தம்பி. ஞாயிறு மாலை தாயார் அனுப்பும் முதல் படத்தில் சிறுமியின் இடது முன்கை மட்டும் இருக்கிறது. நான்கு சிவந்த மேடுகள். இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சொல்லக் கூடாது. சின்னம்மையின் முதல் நாளும் கொசுக்கடியும் படத்தில் உடன்பிறந்தவை போலத் தோன்றும்.

ஆகவே வேறு படங்கள் கேட்க வேண்டும். முகம் வேண்டாம், தாயாரே முதுகையும் வயிற்றையும் மட்டும் எடுக்கட்டும், பார்த்தபின் அழித்துவிட வேண்டும். கைப்பேசியின் ஒளியை நேராக அடித்தால் மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகிவிடும். சன்னலோரம் நிறுத்தி, பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுத்தால், மேட்டுக்கு நிழலும் நீர்க்கொப்புளத்துக்கு ஒரு மினுமினுப்பும் தெரியும். நமக்கு இது முக்கியம். புத்தகப் படங்கள் பல வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. நிறத்தை நம்பாமல் உருவத்தைப் பார்க்க வேண்டும். அளவு தெரிய அருகில் ஒரு ரூபாய் நாணயம் வைப்பதும் நல்லது.

இரண்டாவது படத்தில் சிறுமியின் முதுகு தெரிகிறது. தட்டையான புள்ளிகள் ஐந்தாறு, மேடுகள் மூன்று, மினுங்கும் நீர்க்கொப்புளம் ஒன்று. தலையில் சீப்பு தட்டி வலித்தது என்றாளாம். முடியை விலக்கிப் பார்த்தால் அங்கே ஒரு பொருக்கு. முந்தின நாள் இலேசான காய்ச்சலும் இருந்ததாம். துணி மூடிய முதுகிலும் முடி மூடிய தலையிலும் எந்தக் கொசு இப்படிக் கடிக்கும்? ஐயம் வலுக்கிறது.

மூன்றாவது படமே தீர்ப்புச் சொல்கிறது. அன்று மாலை ஒரு புள்ளி, ஒரு மேடு, ஒரு நீர்க்கொப்புளம் ஆகிய மூன்றையும் சுற்றிப் பால்பாயிண்ட் பேனாவால் வட்டம் போடச் சொல்லி, மறுநாள் மாலை அதே சன்னலோரத்தில் மறுபடியும் எடுக்கிறோம். புள்ளி நீர் கோத்திருக்கிறது, மேடு கொப்புளமாகியிருக்கிறது, நேற்றைய கொப்புளம் கலங்கி நடுவில் குழிந்திருக்கிறது, வட்டங்களுக்கு வெளியே புதியவை பத்துக்கு மேல். ஒரே நாளில் எல்லாமே ஒரு வயது ஏறிவிட்டன. இது சின்னம்மை. ஆயினும் அந்த ஒரு நாளும் அவள் வீட்டிலேயே இருக்க வேண்டும். புள்ளி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே நோய் பிறருக்குப் பரவத் தொடங்கிவிடுகிறது.

தம்பியின் படத்தில் முழங்காலுக்குக் கீழே ஏழு தடிப்புகள், மூன்று ஒரே வரிசையில், நடுவில் புள்ளி. முதுகு சுத்தம், காய்ச்சல் இல்லை. மறுநாளும் வட்டத்துக்குள் அதே மேடு, அதே அளவு. அவனுக்குப் பூச்சிக்கடி. பாயை வெயிலில் போட்டு, கட்டில் இடுக்குகளைப் பார்க்கச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் கதை முடியவில்லை. சின்னம்மை தொற்றிய 10 முதல் 21 நாள்களுக்குள் வெளிப்படும். அக்காளோடு ஒரே அறையில் படுத்தவனுக்கு, முன்பு சின்னம்மை வராமலும் தடுப்பூசி போடாமலும் இருந்தால், இரண்டு வாரம் கழித்து அதுவும் வரக்கூடும். வீட்டில் இரண்டாவதாகப் படுக்கும் பிள்ளைக்குக் கொப்புளங்கள் பெரும்பாலும் அதிகம். அன்று, “போன முறையும் பூச்சிக்கடிதானே” என்று இருந்துவிடக் கூடாது.

படம் தோற்கும் இடமும் உண்டு. தடுப்பூசி போட்ட பிள்ளைக்குச் சின்னம்மை வந்தால் ஐம்பதுக்கும் குறைவான மேடுகளே தோன்றும். பல நீர் கோக்காமலே அடங்கிவிடும். அது பூச்சிக்கடியை அச்சாக ஒத்திருக்கும். வகுப்பில் வேறு யாருக்கும் வந்திருக்கிறதா என்ற கேள்வியே அங்கே படத்தைவிட அதிகம் சொல்லும். உள்ளங்கை, உள்ளங்கால், வாய் ஆகிய இடங்களில் மட்டும் கொப்புளம் என்றாலும், தேன் நிறப் பொருக்கு என்றாலும், விரலிடுக்கில் இரவெல்லாம் அரிப்பு என்றாலும் அவை வேறு நோய்கள், மருத்துவர் பார்க்கட்டும்.

சின்னம்மை என்று தெரிந்தபின் வேப்பிலை வேண்டாம் என்று யாரும் பாட்டியோடு சண்டையிட வேண்டியதில்லை. மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதிருந்தால் போதும். பெரிய வகுப்புப் பெண்களுக்கும் பெற்றோருக்கும் சின்னம்மை கடுமையாக வரும். அசைக்ளோவிர் என்னும் மருந்து புள்ளி தோன்றிய முதல் 24 மணி நேரத்தில் தொடங்கினால்தான் நன்கு பலிக்கும். வீட்டில் கர்ப்பிணியோ, பச்சைக் குழந்தையோ, புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடுபவரோ இருந்தால் அன்றே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. சின்னம்மையோடு அது சேர்ந்தால் மூளையையும் ஈரலையும் தாக்கும் கொடிய நோய் வரலாம். பாரசிட்டமால் போதும், அதுவும் எடைக்கேற்ற அளவில். மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, மயக்கம், கொப்புளத்தைச் சுற்றித் தோல் சிவந்து சுடுதல் ஆகியவை தெரிந்தால் படம் எடுத்துக்கொண்டிராமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம் சிறுமி எப்போது பள்ளிக்கு வரலாம்? தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டதா என்று வீட்டார் கணக்குப் பார்ப்பார்கள். நாம் படத்தைக் கேட்போம். ஆறாம் நாள் படத்தில் முதுகெல்லாம் பொருக்கு. இடுப்போரம் மட்டும் மினுங்கும் கொப்புளம் இரண்டு. இன்னும் கூடாது. எட்டாம் நாள் அவையும் காய்ந்துவிட்டன. புதியது எதுவும் இல்லை. பொருக்கு உதிரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மறுநாள் காலை அவள் வகுப்பில் உட்காரலாம்.