மேனிஃபோல்டின் உள்ளே இருக்கும் நீர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு மேனிஃபோல்டில் நீர் எப்படிப் பிரிந்து ஓடுகிறது என்று கணினியில் கணக்கிட, குழாயின் உலோகம் தேவைப்படுவதில்லை. அதன் உள்ளே நிற்கும் நீரின் வடிவமே தேவை. அந்த வடிவத்தை ஓட்டையில்லாத ஒரே திண்மமாகப் பிரித்தெடுப்பதில்தான் பல தவறான நம்பிக்கைகள் நிலவுகின்றன.

எடுத்துக்காட்டாக ஒரு மேனிஃபோல்டு. தலைக்குழாயின் உள்விட்டம் 50 மி.மீ., சுவர் 3 மி.மீ. அதன் ஒரு முனை திறந்தது, மறுமுனை அடைத்தது; உள்நீளம் 400 மி.மீ. உள்விட்டம் 20 மி.மீ., சுவர் 2 மி.மீ. கொண்ட நான்கு கிளைகள் அதிலிருந்து புறப்படுகின்றன. ஒவ்வொரு கிளையின் வாயும் தலைக்குழாயின் அச்சிலிருந்து 100 மி.மீ. தள்ளி இருக்கிறது.

"பெரிய பெட்டி ஒன்றை வரைந்து, அதிலிருந்து குழாயைக் கழித்தால் உள்ளிருக்கும் நீர் கிடைத்துவிடும்" என்பது முதல் நம்பிக்கை. இது பாதிதான் சரி. ஐந்து வாய்களும் திறந்திருக்கும்போது உள்ளே உள்ள வெளியும் வெளியே உள்ள வெளியும் வாய்களின் வழியே ஒட்டிக்கொண்டிருக்கும். கழித்தலுக்குப் பின் இரண்டும் சேர்ந்த ஒரே திண்மமே வரும். ஆகவே முதலில் ஐந்து வாய்களுக்கும் மூடி போட வேண்டும். மூடி, துளையைவிடச் சற்று அகலமான வட்டாக, குழாயின் முனைமுகத்தின் மேல் வெளிப்பக்கமாக அமர வேண்டும். துளைக்குள் செருகினால் அதன் தடிப்பளவு நீரின் நீளம் குறையும். மூடிகளையும் குழாயையும் சேர்த்துப் பெட்டியிலிருந்து கழித்தால் வெளித்துண்டு, உள்துண்டு என இரண்டு திண்மங்கள் வரும். வெளித்துண்டை நீக்கினால் எஞ்சுவது நீர்.

"திரையில் இடைவெளி தெரியவில்லை, ஆகவே மூடிவிட்டது" என்பது அடுத்தது. வேறு மென்பொருளிலிருந்து வந்த கோப்புகளில் இரண்டு முகங்களுக்கு நடுவே 0.01 மி.மீ. பிளவு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது போதும், உள்ளும் புறமும் ஒன்றாகிவிட. மூடிகளைப் போட்ட பிறகும் இரண்டு துண்டுகளுக்குப் பதிலாக ஒன்றே வந்தால், எங்கோ கசிவு இருக்கிறது என்று கொள்ளலாம். உருப்பெருக்கிப் பார்த்துத் தேடுவதைவிட இந்த எண்ணிக்கை நம்பகமானது.

மிகவும் ஏமாற்றுவது மூன்றாவது: "பிழைச்செய்தி வரவில்லை என்றால் வடிவம் சரி." FreeCAD மென்பொருளில், நீர்த்துண்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பைத்தான் கன்சோலில் இதைக் கேட்கலாம்:

```python
s = Gui.Selection.getSelection()[0].Shape
print(len(s.Solids), s.isValid(), s.Volume)
```

சரியான விடை எதுவென்று முன்பே கையால் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும். தலைக்குழாயில் 785.4 கன செ.மீ. நீர். கிளைகளில், தலைக்குழாய்க்கு வெளியே உள்ள பகுதி நான்கும் சேர்ந்து சுமார் 94.9. மொத்தம் 880.3 கன செ.மீ.; FreeCAD கன மி.மீ. கணக்கில் சுமார் 8,80,300 என்று காட்டும்.

இப்போது இரண்டு பிழைகளைப் பார்க்கலாம். கிளைகள் சேரும் இடத்தில் தலைக்குழாயின் சுவரைத் துளைக்க மறந்துவிட்டால், கன அளவு வெறும் 3.8 கன செ.மீ., அதாவது 0.4 சதவீதம்தான் குறையும். அளவை மட்டும் பார்ப்பவர் இதைப் பிடிக்க மாட்டார். ஆனால் நீர் ஐந்து தனித்துண்டுகளாக உடைந்திருக்கும். எந்தக் கிளைக்கும் ஒரு சொட்டும் போகாது. மாறாக, கிளைக்குழாய்களைத் தலைக்குழாயின் அச்சு வரை நீட்டி ஒட்டினால், அவற்றின் சுவர் உள்ளே முளைகளாக நீட்டிக்கொண்டிருக்கும். துண்டு ஒன்றே, வடிவமும் செல்லும் என்றே விடை வரும். அளவு மட்டும் 13 கன செ.மீ. குறைந்து சுமார் 867 ஆகும். அந்த முளைகள் ஓட்டத்தைத் தடுத்து, கிளைகளுக்குள் நீர் பங்கிடப்படும் விதத்தையே மாற்றிவிடும். ஒரு பிழையை எண்ணிக்கை காட்டுகிறது, மற்றதைக் கன அளவு காட்டுகிறது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்த இரண்டாம் பிழை வராமலிருக்க, வரையும் வரிசையை மாற்றுவதே நல்லது. வெளி உருளைகள் ஐந்தையும் ஒன்றாக இணைத்துவிட்டு, உள் உருளைகள் ஐந்தையும் தனியே இணைத்து, பிறகு ஒரே முறை கழிக்க வேண்டும். அப்படி வரைபவருக்கு, இணைத்த உள் உருளைகளே நீர். பெட்டியும் மூடியும் தேவையில்லை. பிறர் வரைந்து அனுப்பிய கோப்புக்கே அவை வேண்டும்.

நீர் குழாய் முடியும் இடத்திலேயே முடிய வேண்டும் என்பதும் கட்டாயமல்ல. வாய்க்கருகே சுழல் இருந்தால் வெளியேறும் முகத்தில் நீர் திரும்பி உள்ளே வரும், கணக்கு தடுமாறும். அதனால் கிளைகளின் வாய்களைச் சில விட்டங்களுக்கு நேராக நீட்டுவது வழக்கம். நீட்டிய பகுதியின் உராய்வு மேனிஃபோல்டுக்கு உரியதல்ல என்பதால், அழுத்த இழப்பைப் பழைய வாய் இருந்த தளத்திலேயே அளக்க வேண்டும்.